ரீஃபில் டோனர் போட்டதால் வாரண்டி போய்விட்டதா?

கேள்வி: தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். தட்டச்சு, இணைய விண்ணப்பம் எல்லாம் உண்டு. நானும், உதவிக்கு ஒரு பெண்ணும்தான். கடந்த மார்ச் 12-ஆம் தேதி பிரபல நிறுவனத்தின் ஜெராக்ஸ் எந்திரத்தை, வரியோடு சேர்த்து 1,41,600 ரூபாய்க்கு டீலரிடம் வாங்கினேன். 24-ஆம் தேதி வந்து பொருத்தினார்கள். ஒரு வருடம் அல்லது 60,000 பக்கம் வாரண்டி என்றார்கள். மே மாதமே கீழ் ட்ரேயில் தாள் சிக்க ஆரம்பித்தது. மே 19, ஜூலை 2, ஆகஸ்ட் 11 என மூன்று முறை இன்ஜினீயர் வந்தார். ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்துவிட்டு, "பேப்பர் தரம் சரியில்லை" என்று சொல்லிப் போனார். சில நாளில் மறுபடியும் அதே கதை. செப்டம்பரில் கம்பெனி டோனர் விலை கட்டுப்படியாகாமல் ரீஃபில் டோனர் போட்டேன். அக்டோபர் கடைசியில் பிரதிகளில் கறுப்புப் புள்ளிகள் வரத் தொடங்கின. நவம்பர் 6-ஆம் தேதி வந்த இன்ஜினீயர், "வெளி டோனர் போட்டிருக்கிறீர்கள், வாரண்டி ரத்து" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அப்போது மீட்டரில் 41,200. டீலரைக் கேட்டால் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார். கம்பெனிக்குப் போன் செய்தால் டீலரைக் கேட்கச் சொல்கிறார்கள். கடையை மராமத்து செய்தபோது பில்லும் வாரண்டி அட்டையும் தொலைந்துவிட்டன. பில்லில் கடைப் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இருந்ததால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்கிறார் தெரிந்தவர் ஒருவர். எனக்குப் புது எந்திரம் கிடைக்குமா? மார்ச் வரை வாரண்டி இருப்பதால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பொறுக்க வேண்டாம். "ஒரு வருடம் அல்லது 60,000 பக்கம்" என்றால் இரண்டில் எது முந்துகிறதோ அதோடு வாரண்டி முடியும். ஏழரை மாதத்தில் 41,200 பக்கம் ஓடியிருக்கிறது. மாதத்துக்குச் சுமார் 5,500. இதே வேகத்தில் போனால் பிப்ரவரி நடுவிலேயே மீட்டர் அறுபதாயிரத்தைத் தொட்டுவிடும். மார்ச் வரை நேரம் இருப்பதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாரண்டி தீர்ந்திருக்கும். வாரண்டி நடப்பில் இருக்கும்போது எழுத்தில் கொடுத்த புகார், வாரண்டி முடிந்த பிறகும் உயிரோடு இருக்கும். முடிந்த பிறகு முதன்முறையாக எழுதினால் அந்த பலம் கிடைக்காது. இதுவரை நீங்கள் செய்ததெல்லாம் போன் பேச்சு. எழுதிக் கொடுத்தது ஒன்றும் இல்லை என்பதுதான் உங்கள் வழக்கின் பெரிய ஓட்டை. நல்லவேளையாக அதை இந்த வாரமே அடைத்துவிடலாம்.

அதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் ஒரு பழுது என்று நினைப்பது இரண்டு பழுது. கீழ் ட்ரேயில் தாள் சிக்குவது ஒன்று, புள்ளி விழுவது இன்னொன்று. இரண்டையும் ஒரே புகாராகக் கட்டினால், பலவீனமானது பலமானதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும்.

தாள் சிக்குவதில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. அது மே மாதமே வந்தது, வெளி டோனரை நீங்கள் போட்டது செப்டம்பரில். நான்கு மாதம் கழித்து வந்த டோனர், நான்கு மாதம் முன்பு வந்த பழுதுக்குக் காரணமாக முடியாது. அதோடு, தாளை ட்ரேயிலிருந்து இழுத்துத் தருவது பிக்கப் ரோலர் என்னும் ரப்பர் உருளை. டோனர் தாளின் மேல் படிவது அதற்குப் பிறகு வரும் கட்டத்தில். இந்த இரண்டையும் நாள்களோடு சேர்த்து எழுதினால், "வாரண்டி ரத்து" என்ற வாக்கியத்துக்கு இந்தப் பழுதைப் பொறுத்தவரை காலூன்ற இடமில்லை.

புள்ளி விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். அது ரீஃபில் போட்ட பிறகு வந்திருக்கிறது. அது எழுத்தைத் தாளில் பதிக்கும் உருளையான டிரம் சம்பந்தப்பட்டது என்றால், பெரும்பாலான நிறுவனங்களின் வாரண்டி விதிகளில் டிரம்மும் டோனரும் தேய்மானப் பொருள்கள். அவற்றுக்கு வாரண்டியே இருக்காது, அல்லது தனிப் பக்க வரம்பு இருக்கும். எனவே அந்தப் பகுதியை நீங்கள் தோற்க நேரலாம். டிரம்மை உங்கள் செலவிலேயே மாற்ற வேண்டி வரலாம் என்று இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளி டோனர் போட்டதை மறைக்கவும் வேண்டாம். மறைத்து, பிறகு ரீஃபில் கடைக்காரரின் பில்லையோ கார்ட்ரிட்ஜையோ அவர்கள் காட்டிவிட்டால், மே மாதப் பழுதைப் பற்றி நீங்கள் சொல்லும் உண்மையையும் நுகர்வோர் ஆணையம், அதாவது நுகர்வோர் நீதிமன்றம், சந்தேகத்தோடுதான் படிக்கும். ரீஃபில் வாங்கிய பில் இருக்கிறதா, தேடுங்கள். உங்களுக்கு எதிரானது என்று நீங்கள் நினைக்கும் அந்தக் காகிதம்தான் "முதல் மூன்று புகார்களின்போது எந்திரத்தில் கம்பெனி டோனர்தான் இருந்தது" என்பதற்கு உங்கள் சாட்சி.

வாரண்டி விதியின் வாசகத்தையும் சரியாகப் பார்க்க வேண்டும். "பிற நிறுவன டோனரால் ஏற்படும் சேதத்துக்கு வாரண்டி இல்லை" என்பது ஒரு வகை. "பிற நிறுவன டோனரைப் பயன்படுத்தினால் வாரண்டி முழுவதும் ரத்து" என்பது இன்னொரு வகை. முதல் வகையானால் சேதம் டோனரால்தான் வந்தது என்று அவர்கள் காட்ட வேண்டியிருக்கும். இரண்டாவது வகையானால் செப்டம்பருக்குப் பிந்திய பழுதுகளில் உங்கள் வாதம் கடினமாகும். அப்போதும், மே முதல் ஆகஸ்ட் வரை மூன்று முறை புகார் செய்து தீராமல் கிடந்த பழுதைச் சரிசெய்யும் கடமை அவர்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது என்று வாதிடலாம். அட்டை தொலைந்துவிட்டதால் நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்கான வாரண்டி விதிகளைத் தேடி, இன்றைய தேதியோடு அச்செடுத்து வையுங்கள்.

பில் தொலைந்தால் என்ன செய்வது

வாரண்டி அட்டை இல்லை என்பதற்காக வாரண்டி இல்லாமல் போய்விடாது. எந்தப் பொருள், யாரிடம், எந்தத் தேதியில் வாங்கப்பட்டது என்பதை வேறு வழிகளில் நிறுவினால் போதும்.

உங்கள் கடைக்கு ஜிஎஸ்டி எண் இருக்கிறது என்பது இங்கே வசதி. ஜிஎஸ்டி இணையதளத்தில் உள்ளே போய், மார்ச் 2025-க்கான GSTR-2B அறிக்கையைப் பாருங்கள். டீலர் தன் கணக்கில் அந்த விற்பனையை ஒழுங்காகக் காட்டியிருந்தால் பில் எண், தேதி, மதிப்பு, வரி எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். டீலர் தாமதமாகக் காட்டியிருந்தால் அடுத்த மாத அறிக்கையில் தேடுங்கள். விற்றவரே அரசாங்கத்திடம் சொன்ன தகவல் என்பதால், அவர் பிறகு மறுப்பது எளிதல்ல. அந்தப் பில் எண்ணைக் குறிப்பிட்டு டீலரிடம் நகல் பில் கேளுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி அவர் கணக்குகளைப் பல ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும். "பழைய பில் எடுக்க முடியாது" என்பதற்கு இடமில்லை. பணம் வங்கி வழியாகப் போயிருந்தால் அன்றைய வங்கிக் கணக்குப் பக்கமும் வேண்டும்.

இவற்றில் ஒரு குறை உண்டு. வரி அறிக்கையில் எந்திரத்தின் சீரியல் எண் இருக்காது. அந்தப் பில்லுக்கான எந்திரம் இதுதான் என்று இணைப்பது, மார்ச் 24 அன்று எந்திரத்தைப் பொருத்தியபோது எழுதிய ரிப்போர்ட்டும், பிறகு வந்த சர்வீஸ் ரிப்போர்ட்டுகளும். அவற்றில் சீரியல் எண்ணும் மீட்டர் ரீடிங்கும் எழுதுவது வழக்கம். உங்களிடம் பிரதி இல்லை என்றால், புகார் எண்களைச் சொல்லி நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேளுங்கள். எந்திரத்தின் மெனுவிலிருந்து நிலவரப் பக்கம் ஒன்றை அச்சிடவும் முடியும். சீரியல் எண்ணும் மொத்தப் பக்க எண்ணிக்கையும் அதில் வரும். இன்றைக்கு ஒன்று அச்சிட்டு, தேதி போட்டுக் கையெழுத்திட்டு வையுங்கள்.

அந்தச் சர்வீஸ் ரிப்போர்ட்டுகளின் அடியில் "எந்திரம் நன்றாக இயங்குகிறது" என்ற வரிக்குக் கீழே நீங்கள் கையெழுத்திட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். இன்ஜினீயர் முன்னால் நிற்கிறார், பத்துப் பிரதி சரியாக வருகிறது, கடையில் ஆள் காத்திருக்கிறார், கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். வழக்கு என்று வந்தால் நிறுவனம் முதலில் நீட்டுவது அதைத்தான். போனது போகட்டும். மூன்று முறை "சரியாகிவிட்டது" என்று எழுதிய பிறகும் அதே ட்ரேயில் அதே பழுது திரும்பத் திரும்ப வந்திருப்பதே, அது சரியாகவில்லை என்பதற்கு ஆதாரம். இனி யார் வந்தாலும், கையெழுத்துக்கு மேலே உங்கள் கையால் "கீழ் ட்ரே இப்போது பத்துத் தாளுக்கு மட்டும் சோதிக்கப்பட்டது, பழுது தீர்ந்ததா என்பது தெரியவில்லை" என்பது போல நடந்ததை எழுதிவிட்டுப் போடுங்கள். புகாரை முடிக்க உங்கள் போனுக்கு ஓடிபி வரும் ஏற்பாடு இருந்தால், வேலை முடியாமல் அதைச் சொல்லாதீர்கள். ஓடிபி சொல்லிவிட்டால் அவர்கள் பதிவேட்டில் அந்தப் புகார் தீர்ந்த புகார்.

பழுதை எழுதும் விதம்

"எந்திரம் சரியில்லை, அடிக்கடி ஜாம் ஆகிறது, மட்டமான மெஷின்" என்று எழுதுவதால் பயனில்லை. "பிக்கப் ரோலர் போய்விட்டது" என்றும் எழுதாதீர்கள். காரணத்தைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. நீங்கள் சொன்ன காரணம் தவறாகிவிட்டால் புகாரே தவறு என்று முடித்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரிவது, எப்போது தெரிகிறது, எப்போது தெரியவில்லை என்ற மூன்றையும் எழுதினால் போதும். இதில் மூன்றாவதுதான் மிக முக்கியம், பலரும் விட்டுவிடுவதும் அதைத்தான்.

"பேப்பர் தரம் சரியில்லை" என்ற பதிலுக்கு வருவோம். அது உண்மையாக இருக்கவும் கூடும். ஈரம் ஏறிய தாளும், ஓரம் சுருண்ட தாளும் எந்த எந்திரத்திலும் சிக்கும். அதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. நிறுவனக் கையேடு சொல்லும் கனத்தில், பிரிக்காத ஒரு கட்டுத் தாள் வாங்குங்கள். அதிலிருந்து நூறு தாளை மேல் ட்ரேயில் வைத்து ஓட்டுங்கள். அதே கட்டிலிருந்து இன்னும் நூறு தாளைக் கீழ் ட்ரேயில் வைத்து ஓட்டுங்கள். கட்டைப் பிரிப்பதிலிருந்து கடைசித் தாள் வரை போனில் வீடியோ எடுங்கள். தொடக்கத்தில் எந்திரத்தின் சீரியல் எண் ஒட்டியிருக்கும் இடத்தையும் காட்டுங்கள். மேல் ட்ரேயில் ஒன்றும் சிக்காமல் கீழ் ட்ரேயில் மட்டும் சிக்கினால், குறை தாளில் இல்லை என்பது பார்ப்பவர் யாருக்கும் விளங்கும். இரண்டிலும் ஒரே அளவு சிக்கினால் இன்ஜினீயர் சொன்னதில் விஷயம் இருக்கலாம். அதையும் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது, நிறுவனத்துக்கு எழுதுவதற்கு முன்பே.

புள்ளிக்கும் இதுபோலச் சோதனை உண்டு. முதலில் மூலத்தைக் கண்ணாடி மேல் வைத்து ஒரு பிரதி, மேலே உள்ள தானியங்கித் தாள் ஊட்டி வழியாக ஒரு பிரதி, கணினியிலிருந்து நேராக ஒரு அச்சு என மூன்று எடுங்கள். ஊட்டி வழியாக எடுத்ததில் மட்டும் நீளக் கோடு வந்தால் அது உள்ளே உள்ள சிறு கண்ணாடிப் பட்டையில் ஒட்டிய அழுக்கு. துணியால் துடைத்தால் போய்விடும், அதற்குப் புகாரே வேண்டாம். மூன்றிலும் புள்ளி வந்தால் கோளாறு அச்சிடும் பகுதியில் இருக்கிறது. அப்போது ஒரு ஸ்கேலை எடுத்து, ஒரே கோட்டில் மேலிருந்து கீழே விழுந்திருக்கும் புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து பாருங்கள். உள்ளே சுழலும் உருளையில் ஒரு இடத்தில் கீறலோ படிவோ இருந்தால், உருளை ஒரு சுற்று முடிக்கும்போதெல்லாம் அந்தப் புள்ளி தாளில் விழும். ஆகவே இடைவெளி அந்த உருளையின் சுற்றளவு. 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம்முக்குச் சுற்றளவு சுமார் 94 மில்லிமீட்டர். ஏ4 தாளில் நீளவாக்கில் மூன்று முறை வரும். சர்வீஸ் இன்ஜினீயர்களிடம் ஒவ்வொரு மாடலுக்கும் எந்த இடைவெளி எந்த உருளை என்ற அட்டவணை இருக்கும். நீங்கள் அளவை மட்டும் எழுதினால் போதும், அது எந்த உருளை என்று மறுமொழி சொல்லும் பொறுப்பு அவர்களுடையது. அளவு டிரம்மோடு ஒத்துப்போகவில்லை என்றால், தேய்மானப் பொருள் என்ற விதிவிலக்குக்குள் அது வராமல் போகவும் வாய்ப்பு உண்டு.

நிறுவனத்துக்கு அனுப்பும் கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

"சீரியல் எண் …, பில் எண் …, பில் தேதி 12.3.2025, பொருத்திய நாள் 24.3.2025. இன்றைய மீட்டர் ரீடிங் … . கீழ் ட்ரேயிலிருந்து எடுக்கப்படும் தாள் பாதியில் நிற்கிறது, சில நேரம் இரண்டு தாள்கள் சேர்ந்து வருகின்றன. திரையில் … என்ற குறியீடு தோன்றுகிறது. … தேதியில் ஒரே கட்டிலிருந்து இரண்டு ட்ரேயிலும் நூறு தாள் வீதம் ஓட்டியதில், கீழ் ட்ரேயில் … முறை நின்றது, மேல் ட்ரேயில் … முறை நின்றது. வீடியோ இணைத்துள்ளேன். இந்தப் பழுது 19.5.2025, 2.7.2025, 11.8.2025 ஆகிய நாள்களில் உங்கள் பொறியாளரால் பார்க்கப்பட்டது. புகார் எண்கள் … . அதுவரை உங்கள் நிறுவன டோனரே பயன்பாட்டில் இருந்தது. வெளி டோனர் முதன்முதலில் போடப்பட்ட நாள் … . எனவே இந்தப் பழுதை வாரண்டியின் கீழ் இலவசமாகச் சரிசெய்து தருமாறும், மறுப்பதானால் எந்த விதியின் கீழ், எந்தச் சோதனையின் அடிப்படையில் என்று எழுத்தில் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் இல்லையெனில் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்."

புள்ளியைப் பற்றித் தனிப் பத்தியில் அல்லது தனிக் கடிதத்தில் எழுதுங்கள். திரையில் வரும் குறியீட்டை ஒரு எழுத்துகூட மாறாமல் எழுத வேண்டும். கடிதம் நிறுவனத்தின் பதிவு அலுவலகத்துக்கும் டீலருக்கும் ஒரே நாளில் போகட்டும். நிறுவனம் வெளிமாநிலத்தில் இருந்தால் ஆங்கிலத்தில் எழுதுவது காரியத்தை விரைவாக்கும். மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புங்கள், அஞ்சல் ரசீதைக் கோப்பில் ஒட்டுங்கள். மின்னழுத்தம், எர்த்திங் என்று அடுத்த காரணம் வரலாம். வந்தால், இன்ஜினீயர் மீட்டர் வைத்து அளந்த அளவை ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். அளக்காமல் "கரண்ட் சரியில்லை" என்று எழுத விடாதீர்கள்.

புது எந்திரம் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் உடனே கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். இத்தனை முறை பழுதானால் மாற்றித் தர வேண்டும் என்று சட்டத்தில் எண்ணிக்கை ஏதும் இல்லை. பெரும்பாலான வாரண்டிகளில் பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா என்பது நிறுவனத்தின் விருப்பம் என்றுதான் எழுதியிருக்கும். நுகர்வோர் ஆணையத்துக்கு, குறையை நீக்கித் தரவும், எந்திரத்தை மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும், இழப்பீடு தரவும் உத்தரவிடும் அதிகாரம் இருக்கிறது. ஒரே பழுது திரும்பத் திரும்ப வந்து தீராமல் கிடக்கும்போதுதான் மாற்றித் தரும்படியோ பணத்தைத் திருப்பும்படியோ உத்தரவு வருவதைப் பார்க்கிறேன். ஆகவே உங்கள் கடிதத்தில் முதல் கோரிக்கை பழுது நீக்கம். அது நடக்கவில்லை, அல்லது நடந்தும் பழுது திரும்பி வந்தது என்றால் இரண்டாவது கோரிக்கை மாற்று எந்திரம் அல்லது பணம்.

"உற்பத்திக் குறைபாடு" என்ற சொல்லை எடுத்தவுடன் பயன்படுத்த வேண்டாம். பலர் அந்தச் சொல்லில்தான் வழக்கைத் தொடங்குகிறார்கள். அதைச் சொன்னவர் அதை நிரூபிக்க வேண்டும், அதற்கு நிபுணர் அறிக்கை வேண்டியிருக்கும், நாளும் செலவும் கூடும். "வாரண்டிக் காலத்தில் மூன்று முறை வந்தும் பழுதை நீக்கவில்லை, நான்காம் முறை பொருந்தாத காரணத்தைச் சொல்லி மறுத்தார்கள்" என்பது சேவைக் குறைபாடு. அதை நிரூபிக்க உங்கள் காகிதங்களே போதும்.

இதற்கிடையில் வெளி மெக்கானிக்கைக் கூப்பிட்டு எந்திரத்தைப் பிரிக்காதீர்கள். கடை ஓட வேண்டும் என்பது தெரியும். மேல் ட்ரேயில் மட்டும் தாள் வைத்து ஓட்டுங்கள். முடியாத அளவுக்குப் போனால் வாடகை எந்திரம் எடுத்து, வாடகை ரசீதை வையுங்கள். வாடகை முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. தொழில் நஷ்டத்துக்குப் பொறுப்பில்லை என்று வாரண்டி விதிகளில் எழுதியிருப்பார்கள். ரசீது இருந்தால் இழப்பீட்டுத் தொகையை நிர்ணயிக்கும்போது எடுத்துக் காட்டலாம். வாய்க்கணக்கு அங்கே எடுபடாது.

ஜிஎஸ்டி எண் இருந்தால் நுகர்வோர் இல்லையா?

உங்களுக்குத் தெரிந்தவர் சொன்னது பாதி சரி. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் அதே பிரிவின் விளக்கம், சுயதொழில் வழியாகத் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்துபவரை அந்த விலக்கிலிருந்து காப்பாற்றுகிறது. இந்த எல்லைக்கோட்டை உச்ச நீதிமன்றம் 1995-இல் லட்சுமி இன்ஜினீயரிங் வொர்க்ஸ் வழக்கில் தெளிவாகப் போட்டது. எதிர்த்தரப்பு கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட். கூலிக்குத் தட்டச்சு செய்து பிழைக்கத் தட்டச்சு எந்திரம் வாங்கியவர் நுகர்வோர்தான் என்ற எடுத்துக்காட்டு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. உதவிக்கு ஒருவர் இருவரை வைத்துக்கொண்டால் அந்தத் தகுதி போய்விடாது என்றும் அது சொல்கிறது. உங்கள் கடையைப் பார்த்து எழுதியது போல இருக்கிறது. புகைப்படங்களை அச்சிடும் எந்திரம் வாங்கிப் பிழைப்பு நடத்திய இருவரை நுகர்வோராக ஏற்று 2018-இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

எதிர்த்தரப்பு உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் காட்டி "இது வணிகம்" என்று கட்டாயம் சொல்லும். ஜிஎஸ்டி பதிவு இருப்பதால் மட்டும் சுயதொழில் இல்லாமல் போய்விடாது. யார் எந்திரத்தை இயக்குகிறார், குடும்பத்துக்கு வேறு வருமானம் உண்டா, எத்தனை ஆட்கள், எத்தனை கடைகள் என்பவற்றைத்தான் ஆணையம் பார்க்கும். அதனால் புகார் மனுவின் முதல் பத்தியிலேயே "இந்தக் கடை ஒன்றுதான் என் பிழைப்பு, எந்திரத்தை நானே இயக்குகிறேன், உதவிக்கு ஒருவர் இருக்கிறார்" என்று உறுதிமொழியோடு எழுதிவிடுங்கள். இந்த வரி மனுவில் இல்லாமல் போய், பழுதைப் பற்றிப் பேசும் முன்பே தள்ளுபடியான மனுக்கள் உண்டு. நாளைக்கு மூன்று கிளை, பத்து ஆட்கள் என்று வளர்ந்து, அப்போது வாங்கும் எந்திரத்துக்கு இந்த வழி கிடைக்காது. சிவில் நீதிமன்றம்தான்.

எங்கே, எவ்வளவு செலவில்

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் புகாரைப் பதியலாம், தமிழிலும் பேசலாம். அவர்கள் நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தர முயல்வார்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனால் நேரடியாகப் போன் செய்யும்போது டீலர் பக்கம் தள்ளிவிடும் நிறுவனங்கள் இங்கிருந்து போகும் புகாருக்குப் பல நேரம் எழுத்தில் பதில் தருகின்றன. அந்தப் பதிலும் உங்களுக்கு ஆவணம்.

அதிலும் தீரவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், வாரண்டி அட்டையில் "டெல்லி நீதிமன்றங்களுக்கே அதிகாரம்" என்று எழுதியிருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரிலேயே மனு போட 2019 சட்டம் இடம் தருகிறது. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை, இ-ஜாக்ருதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். நிறுவனம், டீலர் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டுவிட்டால், மனுவில் இல்லாத அந்த ஆள் மேல்தான் மற்றவர் பழியைப் போடுவார். எந்திரத்தைச் சோதிக்கத் தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்திலும், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் சமரசத்துக்கு அனுப்புவார்கள். நல்ல நிலையில் ஒரு எந்திரமும் கொஞ்சம் செலவுத் தொகையும் தருவதாக அங்கே சொன்னால், உடனே மறுக்காமல் யோசியுங்கள்.

காலவரம்பு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. பாதுகாப்பாக மே 19, 2025-ஐ முதல் நாளாக எண்ணிக்கொள்ளுங்கள். நீங்கள் நோட்டீஸ் அனுப்பிக்கொண்டே இருப்பதால் அந்தக் காலம் நீளாது. பேச்சுவார்த்தை நடக்கிறது என்று நம்பி நாளைக் கடத்தியவர்கள் கடைசியில் தாமத மன்னிப்பு மனுவோடு நிற்பதைப் பார்க்கலாம்.

மாற்றித் தர அவர்கள் ஒத்துக்கொண்டு, பழைய எந்திரத்தை எடுத்துப் போக வண்டி வந்தால், அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உங்கள் எந்திரத்தில் ஹார்டு டிஸ்க் இருந்தால், நீங்கள் ஸ்கேன் செய்த ஆதார் நகல்களும் பட்டாக்களும் சான்றிதழ்களும் அதில் தங்கியிருக்கக்கூடும். ஊர்க்காரர்கள் உங்களை நம்பிக் கொடுத்தவை அவை. மெனுவில் நினைவகத்தை அழிக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்ஜினீயரைக் கொண்டு அழித்து, "தரவு அழிக்கப்பட்டது" என்று ரிப்போர்ட்டில் எழுதி வாங்கிய பிறகு எந்திரத்தை வண்டியில் ஏற்ற விடுங்கள்.